312 பேட்டரி மூன்று நாளில் செத்துப்போகிறது, அதுவும் வலது காதில் மட்டும்

செல்வி_நாகை

அப்பாவுக்கு 74 வயது. இரண்டு காதுக்கும் காது மெஷின் போட்டிருக்கிறார். மெஷின் காதுக்குப் பின்னால் உட்காரும், மெல்லிய ஒயர் வழியாகச் சின்ன ஸ்பீக்கர் காதுக்குள் போகும், அந்த வகை. பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 பேட்டரி.

வாங்கிய புதிதில் இரண்டு பக்கமும் ஒரு வாரம் வந்தது. இப்போது இடது பக்கம் அதே ஏழு நாள் ஓடுகிறது. வலது பக்கம் மூன்றாம் நாள் சாயங்காலமே எச்சரிக்கைச் சத்தம் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஒரே அட்டையிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்துப் போடுகிற பேட்டரிகள்தான். தேதியும் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

மெஷின் வாங்கிய இடத்தில் கேட்டால் "கடலோர ஊர்ம்மா, ஈரக்காத்து, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். அப்பாவின் இரண்டு காதும் ஒரே ஊரில்தானே இருக்கின்றன?

மணி_மாமா

ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போட்டுவிடுகிறாரா? அதுதான் காரணம். இது காற்றில் வேலை செய்கிற பேட்டரி. உரித்து, ஓட்டை மேலே தெரிகிற மாதிரி மேசையில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு அப்புறம் போடச் சொல்லுங்கள். ஆயுள் இரண்டு மடங்காகும். நான் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

செத்துப்போன பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 1.3க்கு மேல் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது, மெஷின்தான் கோளாறு. சிம்பிள்.

சர்வீஸ்_பாலா

காது மெஷின் சர்வீஸ்தான் என் தொழில். மாமா சொன்னதில் பாதி சரி.

காத்திருப்பது அவசியம். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்போது உள்ளே காற்று ரொம்பக் குறைவு, வோல்ட்டேஜ் 1.1, 1.2 பக்கம்தான் இருக்கும். உரித்த பிறகு ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் 1.3, 1.4 என்று ஏறும். உரித்த கையோடு போட்டுக் கதவைச் சாத்தினால், மெஷின் ஆன் ஆகும்போது இழுக்கிற கரண்ட்டை அந்த அரைத்தூக்க பேட்டரியால் கொடுக்க முடியாது. வோல்ட்டேஜ் சரிந்து, புது பேட்டரிக்கே "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று சத்தம் வரும். பெரியவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை உரிப்பார்கள். இப்படி ஒரே நாளில் முழு அட்டையையும் தீர்த்தவர்கள் உண்டு.

ஆனால் இரண்டு மடங்கு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காத்திருப்பதால் பேட்டரிக்குள் துத்தநாகம் கூடப்போவதில்லை. மூன்று நிமிஷம் போதும், குளிர் இடமென்றால் ஐந்து. செல்வி, உங்கள் அப்பா இடதையும் வலதையும் ஒரே மாதிரிதான் போடுகிறார். அதனால் இந்தக் கேள்விக்குக் காத்திருப்பு பதில் ஆகாது.

மல்டிமீட்டரும் இதற்கு உதவாது. இந்த வகை பேட்டரியின் வோல்ட்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்துவிட்டுத் திடீரென்று விழும். மீட்டர் கரண்ட்டே இழுக்காது. அதனால் பாதி தீர்ந்ததும் புதிதும் ஒரே எண்ணைக் காட்டும். செத்ததுகூடக் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் நல்ல எண் காட்டும்.

எனக்கு வேறு விவரம் வேண்டும். ராத்திரி மெஷினை எங்கே வைக்கிறார்? பேட்டரிக் கதவு திறந்தா, மூடியா? போன் பேச்சு மெஷினுக்குள்ளேயே கேட்கிற மாதிரி புளூடூத் இணைத்திருக்கிறீர்களா? உபரி பேட்டரியை எப்படி எடுத்துப் போகிறார்?

கவின்_அம்மா

எங்களுக்கும் இதே பிரச்சினை. பையனுக்கு 675, நீல ஸ்டிக்கர். இரண்டு பேட்டரி போட்டாலும் ஒரு நாள் முழுசாக வருவதில்லை, பள்ளிக்கூடத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. டீச்சர் போன் செய்கிறார். எந்தக் கம்பெனி பேட்டரி நல்லது?

சர்வீஸ்_பாலா

இரண்டு 675 என்றால் அது காது மெஷின் இல்லையே, காக்ளியர் இம்ப்ளான்ட்டின் வெளிக்கருவிதானே? அதுவும் இதுவும் வேறு கணக்கு. தோலைத் தாண்டி உள்ளே இருக்கிற பகுதிக்கும் அதுதான் மின்சாரம் அனுப்ப வேண்டும், அதனால் இழுப்பு பல மடங்கு அதிகம். அட்டையில் "இம்ப்ளான்ட்" என்றோ 675க்குப் பக்கத்தில் P என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த வகையில் காற்று அதிகமாகப் போகும்படி அமைத்திருப்பார்கள். சாதாரண 675 வெளியே பார்க்க அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும், ஆனால் அந்த இழுப்புக்குத் தேவையான காற்றை அதனால் உள்ளே விட முடியாது. சரக்கு தீருவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடும்.

கவின்_அம்மா

அட்டையைப் பார்த்தேன். வெறும் 675 என்றுதான் இருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்தது. மாற்றிப் பார்க்கிறேன். அப்படியென்றால் இம்ப்ளான்ட் பேட்டரியைச் சாதாரண மெஷினுக்குப் போட்டால் இன்னும் நன்றாக ஓடுமா? என் மாமியாருக்கும் 675தான்.

சர்வீஸ்_பாலா

ஓடும், ஆனால் லாபமில்லை. காற்று தாராளமாகப் போகிற வழியில் ஈரமும் தாராளமாகப் போகும், வரும். அதனால் சீக்கிரம் கெடும். மாமியாருக்குச் சாதாரணமே போதும்.

செல்வி_நாகை

பாலா அண்ணா, கேட்ட விவரம் எல்லாம் இதோ.

ராத்திரி மூடி போட்ட டப்பாவில், நீல சிலிக்கா உருண்டைகள் மேல் வைக்கிறார். பேட்டரி உள்ளேயே இருக்கும், கதவும் மூடித்தான் இருக்கும். போன் இணைத்திருக்கிறோம், தினமும் தம்பியோடு சிங்கப்பூருக்குப் பேசுவார். உபரி பேட்டரி இரண்டை ஸ்டிக்கரோடு மாத்திரை டப்பாவின் ஒரு அறையில் வைத்துக்கொள்வார்.

நிற்பது பெரும்பாலும் சாயங்காலம்தான். கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்த பிறகு.

சர்வீஸ்_பாலா

முதலில் அந்த மாத்திரை டப்பாவை மாற்றுங்கள், இன்றைக்கே. கண் மங்கலான பெரியவர்கள் மாத்திரை என்று நினைத்து இந்த பேட்டரியை விழுங்குவது நிஜமாகவே நடக்கிறது. வாங்கின அட்டையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, டப்பாவில் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். சிலிக்கா மெஷினை உலர்த்துவதற்கு. உரித்த பேட்டரியை அதில் வைத்தால் அதன் உள்ளே இருக்கிற தண்ணீரையும் இழுத்துவிடும். மெஷினின் கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.

மூன்றாவது ஒரு சோதனை. அடுத்த தடவை வலது நின்றதும் அந்த பேட்டரியை எடுத்து உடனே இடது மெஷினில் போடுங்கள். ஓடினால் பேட்டரியில் குறை இல்லை, வலது மெஷினின் பேட்டரி முனைகளில் பச்சை பிடித்திருக்கலாம். ஓடாவிட்டால் மேசையில் ஓட்டை மேலே இருக்கும்படி அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி இடதில் போடுங்கள். அப்போது ஓடினால் அது தீரவில்லை, காற்று கிடைக்காமல் மயங்கியிருக்கிறது. அப்போதும் ஓடாவிட்டால் நிஜமாகவே தீர்ந்ததா, கெட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்காபரோ_சிவா

நான் கனடாவில இருக்கிறன். எனக்கு 13ஆம் நம்பர், தோடம்பழ நிற ஸ்டிக்கர். கோடையில பத்து பன்னிரண்டு நாள் நிக்கிற பற்றரி மாரி காலத்தில ஆறு நாளைத் தாண்டாது, இரண்டு காதிலும். இங்க ஒருத்தரும் கடலோரம் இல்லை, வியர்வையும் இல்லை. ஈரம்தான் காரணமெண்டால் எனக்கேன் இப்பிடி?

வேதியியல்_சார்

சிவா, உங்களுடையது அதே கதையின் மறுமுனை. பேட்டரிக்குள் இருப்பது துத்தநாகத் தூளும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும். அந்தக் கரைசல் வெளிக்காற்றோடு தண்ணீரைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் ஐம்பது அறுபது சதவீதத்தை ஒட்டி இருந்தால் வரவும் செலவும் சமம். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் இருபது முப்பதுக்கு இறங்கிவிடும், பேட்டரி மெல்ல உலர்ந்துபோகும். நாகப்பட்டினத்தில் எண்பதைத் தொடும், பேட்டரி தண்ணீர் குடிக்கும். குடித்தால் உள்ளே பொருமி, காற்று போகிற நுண்துளைகளை நீர் அடைத்துவிடும். சில பேட்டரிகள் உப்பிக்கொண்டு கதவிலிருந்து வெளியே வராமல் சிக்கிக்கொள்வதும், ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருப்பதும் அதனால்தான்.

உரித்த பிறகு நடக்கிற கதை இது. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்வரை எந்த ஊரிலும் பெரிய பாதிப்பில்லை.

செல்விக்கு ஒரு யோசனை. உங்கள் பக்கத்தில் நகைப் பட்டறை ஏதாவது இருக்கிறதா? மில்லிகிராம் காட்டுகிற தராசு வேண்டும்.

செல்வி_நாகை

சார், என் கணவருக்கு அதுதான் தொழிலே. தராசு வீட்டிலேயே இருக்கிறது. எதற்கு?

வேதியியல்_சார்

இந்த பேட்டரி வேலை செய்யச் செய்ய எடை கூடும். காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத் துத்தநாகத்தோடு சேர்த்து உள்ளேயே வைத்துக்கொள்கிறது. 100 மில்லிஆம்பியர்-மணி கொடுத்தால் ஏறக்குறைய 30 மில்லிகிராம் கூட வேண்டும். 312இல் மொத்தச் சரக்கு 160 முதல் 180 மில்லிஆம்பியர்-மணி. ஆகவே முழுக்கத் தீர்ந்த ஒன்று 50 மில்லிகிராம் அளவுக்குக் கூடியிருக்கும்.

ஸ்டிக்கரை உரித்ததும் இரண்டையும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். நின்றபின் மறுபடி போடுங்கள். சாப்பிட்டுச் செத்ததா, சாப்பிடாமல் செத்ததா என்று தெரிந்துவிடும்.

மணி_மாமா

சார், ஈரத்தைக் குடித்தாலும் எடை கூடுமே? அப்புறம் எப்படி நம்புவது?

வேதியியல்_சார்

நல்ல கேள்வி. நம்ப முடியாதுதான், ஒரு பேட்டரியைத் தனியாக வைத்துப் பார்த்தால். தண்ணீர் சேர்ந்தால் எடை கூடும், உலர்ந்தால் குறையும். ஆனால் இங்கே இரண்டு பேட்டரிகள் ஒரே வீட்டில், ஒரே டப்பாவில், ஒரே தலையில் இருந்திருக்கின்றன. ஈரத்தால் வருகிற பிழை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செல்வி_நாகை

செய்தோம். அவருக்கு இதில் என்னைவிட ஆர்வம்.

உரித்ததும் எடை: இடது 532 மில்லிகிராம், வலது 533.

வலது வழக்கம்போல் மூன்றாம் நாள் சாயங்காலம் நின்றது. எடை 550. உடனே இடது மெஷினில் போட்டோம், இரண்டு தடவை சத்தம் கொடுத்துவிட்டு நின்றது. ஜன்னல் ஓரம் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி இடதில் போட்டால் ஓடுகிறது! அப்பா அதை மறுநாள் முழுக்கப் போட்டிருந்தார். அதற்கடுத்த நாளும் மதியம் வரை போட்டிருந்தார். அதுவரைக்கும் இடது பேட்டரியை வலது பக்கம் போடாமல் எடுத்து வைத்திருந்தோம். அப்புறம் அதன் பழைய இடத்திலேயே மாட்டினோம். அது தன் ஏழு நாளை முடித்து நின்றபோது எடை 579.

வேதியியல்_சார்

இடது 47 கூடியிருக்கிறது. அதாவது சுமார் 157 மில்லிஆம்பியர்-மணி. ஏழு நாள், நாளுக்குப் பதினான்கு மணி நேரம் என்று வைத்தால் 98 மணி நேரம். மெஷின் இழுத்தது 1.6 மில்லிஆம்பியர்.

வலது நிற்கும்போது 17தான் கூடியிருக்கிறது. 57 மில்லிஆம்பியர்-மணி. மூன்றாம் நாள் சாயங்காலம் வரை என்றால் நாற்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இழுத்தது 1.5க்குக் குறையாது.

இரண்டு மெஷினும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கின்றன. வலது மெஷின் கரண்ட்டைத் தின்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று நாளில் முழு பேட்டரியைத் தின்ன வேண்டுமானால் 4 மில்லிஆம்பியர் இழுக்க வேண்டும், எடையும் ஐம்பது கூடியிருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு சரக்கு உள்ளே இருக்கும்போதே நின்றிருக்கிறது.

சர்வீஸ்_பாலா

அரை மணி நேரம் காற்றாட வைத்ததும் எழுந்துகொண்டது என்றால் எனக்கு அதுவே போதும். வலது மெஷினுக்குள் காற்று போகவில்லை.

பேட்டரிக் கதவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கதவிலோ அதன் விளிம்பிலோ முடி அளவு இடைவெளி, இல்லையென்றால் ஊசிமுனைத் துளை இருக்கும். பேட்டரிக்கு மூச்சு அந்த வழியாகத்தான். தலை எண்ணெய், வியர்வை உப்பு, தோல் தூள் எல்லாம் சேர்ந்து மெழுகாகி அதை அடைத்துவிடும். சாயங்காலம் வியர்க்கும்போது மிச்சமிருக்கிற இடைவெளியையும் ஈரம் மூடிவிடும். நடந்துவிட்டு வந்து நிற்பது அதனால்தான். அந்த நேரத்தில் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு மூடினால் மறுபடி ஓடியிருக்கும்.

இன்னொன்று, பேட்டரியின் ஓட்டைப் பக்கத்தை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. விளிம்பைப் பிடித்துப் போடச் சொல்லுங்கள். துளையில் ஊசியை விட்டுக் குடைய வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். காய்ந்த பல் பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். போகவில்லை என்றால் கதவையே மாற்றிவிடலாம், சின்ன பாகம்தான்.

செல்வி_நாகை

வலது கதவின் ஓரம் முழுக்கப் பழுப்பாகப் படிந்திருக்கிறது. இடதில் கொஞ்சம்தான். அம்மா பார்த்ததும் சொல்லிவிட்டார்: அப்பா குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, மதியம் மெஷினைக் கழற்றாமலே வலது பக்கம் சாய்ந்து படுப்பார். தலையணை உறையைப் பார்த்தாலே தெரியும்.

பிரஷ் போட்டும் முழுசாகப் போகவில்லை. புதுக் கதவுக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஸ்காபரோ_சிவா

நான் கேட்டதை எல்லாரும் மறந்திட்டியள். உரிச்ச பற்றரிக்குத் திரும்ப ஸ்டிக்கர் ஒட்டினா உலராதோ? இரவில நான் அப்பிடித்தான் செய்யிறன்.

சர்வீஸ்_பாலா

ஸ்டிக்கரை மறுபடி ஒட்டினால் பழைய அடைப்பு வராது. கொஞ்சம் மட்டுப்படும், நிற்காது. தினமும் ஒட்டி உரித்தால் பசை ஓட்டையில் படியும், அது வேறு தொல்லை. மாதக்கணக்கில் மெஷின் போடாதவர்கள் செய்தால் ஏதோ பிரயோஜனம் இருக்கலாம். ஒரு ராத்திரிக்கு எதற்கு? நீங்களும் உலர்த்தும் டப்பா வைத்திருந்தால் பேட்டரியை அதற்கு வெளியே வைப்பதுதான் முதல் வேலை.

வேதியியல்_சார்

படுக்கை அறையில் ஈரப்பதமாக்கி வைத்து நாற்பதுக்கு மேல் கொண்டுவர முடிந்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், வெளியே எடுக்கும்போது மேலே நீர் பூக்கும்.

ஸ்காபரோ_சிவா

டப்பா இருக்கு, பற்றரியும் அதுக்குள்ளதான் கிடக்கிறது. இங்க காய்ஞ்ச காத்து, அதுக்குள்ள இன்னும் காய்ஞ்ச டப்பா. இண்டைக்கே வெளியில எடுக்கிறன். ஆறு நாள் எட்டாகுதோ பாப்பம்.

மணி_மாமா

எல்லாம் சரி. நான் பத்து நிமிஷத்தை விடப்போவதில்லை. எனக்கு எட்டு நாள் வருகிறது.

சர்வீஸ்_பாலா

வையுங்கள் மாமா, கெடுதல் ஒன்றும் இல்லை. ஒரு அட்டையில் மூன்றுக்குப் பத்து நிமிஷம், மூன்றுக்கு மூன்று நிமிஷம் வைத்துக் குறித்துப் பாருங்களேன்.

செல்வி_நாகை

புதுக் கதவு போட்டாயிற்று. ராத்திரி பேட்டரி வெளியே, மெஷின் மட்டும் டப்பாவில். மதியம் படுக்கும்போது மெஷினைக் கழற்றிவிடுகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

வலது இப்போது ஆறு நாள் வருகிறது. நின்றபோது எடை 46 கூடியிருந்தது. இடது அதே ஏழு. அந்த ஒரு நாள் ஏன் குறைகிறது?

சர்வீஸ்_பாலா

46 என்றால் சாப்பிட்டுத்தான் செத்திருக்கிறது, மூச்சு முட்டவில்லை. மிச்ச ஒரு நாளுக்கு எனக்குச் சந்தேகம் போன் மேல். சில மாடல்களில் போனோடு நேரடியாகப் பேசுவது ஒரு பக்க மெஷின் மட்டும்தான், மறு பக்கத்துக்கு அதுதான் அனுப்பிவைக்கும். அந்தப் பக்கத்துக்குச் செலவு கூடும். உங்கள் மாடலின் செட்டிங்கில் எந்தப் பக்கம் என்று மாற்ற இடம் இருக்கும். இடதுக்கு மாற்றி ஒரு அட்டை ஓட்டிப் பாருங்கள்.

வேதியியல்_சார்

ஆனால் முதல் கணக்கில் இரண்டும் ஒரே அளவுதானே இழுத்தன, பாலா? போன்தான் காரணம் என்றால் அப்போதே வலது கூட இழுத்திருக்க வேண்டும்.

சர்வீஸ்_பாலா

அந்த மூன்று நாளில் எவ்வளவு போன் பேசினார் என்று நமக்குத் தெரியாதே சார்.

செல்வி_நாகை

தம்பி அந்த வாரம் ஊருக்கே வந்திருந்தான். போன் பேசவே இல்லை. சரி, இடதுக்கு மாற்றிவிட்டு எடையோடு வருகிறேன்.